ஆவாரையும் மூன்று நீரும்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள செவலைக் காடுகளில் ஒரு மழை விழுந்தால் போதும், வரப்போரமும் சாலையோரமும் ஆவாரை மஞ்சளாகிவிடும். இந்தச் செடியை மூன்று வகையான ஆட்கள் மூன்று விதமாகத் தண்ணீருக்குள் போட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் பூவைக் காயவைத்து, கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி மூடி வைத்து, தேநீர்போல் வடிகட்டினார்கள். சித்த வைத்தியர்கள் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை சேர்த்து அடுப்பில் சுண்டக் காய்ச்சினார்கள். பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புக்காரர்களோ பட்டையைத் தொட்டியில் போட்டு, தீயே மூட்டாமல் நாள்கணக்கில் ஊறவிட்டார்கள். கொதிநீர் ஊறல், கஷாயம், குளிர்நீர் ஊறல் என்ற மூன்று முறைகளும் ஒரே செடியைச் சுற்றி ஒரே ஊரில் நடந்திருக்கின்றன.

எந்த உறுப்புக்கு எந்த நீர் என்று கேட்டால் ஒரு வாய்ப்பாடு உடனே வந்து விழும். பூவும் இலையும் என்றால் கொதிநீரில் ஊறவை, வேரும் பட்டையும் கட்டையும் என்றால் காய்ச்சு, வழவழப்பாக இருந்தால் பச்சைத்தண்ணீரில் போடு. வாய்ப்பாடு தப்பில்லை, பாதி வழிக்குத் துணை வரும். மீதி வழிக்கு வேறொரு கேள்வி வேண்டும். அந்த உறுப்பிலிருந்து எதை எடுக்கப்போகிறோம், எதை உள்ளேயே விட்டுவிடப்போகிறோம் என்பதே அந்தக் கேள்வி. ஆயுர்வேதம், சித்தம், ஐரோப்பிய மருந்துநூல் என்ற பழைய மரபுகள் மூன்றும் இதைத் தங்கள் தங்கள் பாணியில் கேட்டிருக்கின்றன.

ஆயுர்வேதத்தில் சார்ங்கதரர் இயற்றிய சம்ஹிதை அளவுகளைக் கறாராகச் சொல்லும். கஷாயத்துக்கு ஒரு பங்கு சரக்கு, பதினாறு பங்கு தண்ணீர், எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டும். கொதிநீர் ஊறலுக்கு ஒரு பங்கு சரக்குக்கு நாலு பங்கு வெந்நீர். குளிர்நீர் ஊறலுக்கு ஆறு பங்கு தண்ணீர், ஓர் இரவு. அதே மரபில் இன்னொரு கணக்கும் உண்டு. சரக்கு மென்மையானதாக இருந்தால் நாலு மடங்கு தண்ணீர், இடைப்பட்டதானால் எட்டு மடங்கு, கடினமானால் பதினாறு மடங்கு. எதுவானாலும் கால் பங்காகும்வரை காய்ச்சு. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கடிகாரம் இல்லாத காலத்தில் தண்ணீரையே கடிகாரமாக்கியிருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 50 கிராம் இலைச்சரக்குக்கு நாலு மடங்கு என்றால் 200 மில்லி தண்ணீர். அது 50 மில்லியாக வேண்டும். ஆவியாகவேண்டியது 150 மில்லி. அதே 50 கிராம் மருதம்பட்டைக்குப் பதினாறு மடங்கு என்றால் 800 மில்லி; அது 200 ஆக வேண்டும். ஆவியாகவேண்டியது 600 மில்லி. தீ ஒரே அளவில் எரிந்தால் பட்டை இலையைப்போல நாலு மடங்கு நேரம் கொதிக்கும். எவ்வளவு நேரம் என்று நூல் சொல்லவில்லை. எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரத்தை அடுப்பிடம் ஒப்படைத்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. தீ ஒரே அளவில் இருந்தால்தான் கணக்கு நிற்கும். விறகடுப்பின் இளந்தீயில் வெகுநேரம் பிடிக்கும் 600 மில்லி, வாயகன்ற பாத்திரத்தில் கேஸ் அடுப்பை முழுக்கத் திறந்துவிட்டால் கால்மணி, அரைமணியில் பறந்துவிடும். அளவு கச்சிதமாகக் கால் பங்கில் நிற்கும், பட்டையின் உட்பகுதியோ இன்னும் நனைந்துகூட முடிந்திருக்காது. வடிகட்டிய சக்கையில் ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுப்பகுதி வெளிறிக் காய்ந்தாற்போல இருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. சித்த மருத்துவத்தில் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தரம் பிரித்ததை வெறும் அலங்காரமாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள். விளக்குச் சுடரளவு எரிவது ஒரு நேரம், காட்டுத்தீயாய் எரிவது ஒரு நேரம். சுண்டும் அளவோடு தீயின் தரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் முறை முழுமையாகும்.

சித்த மருத்துவம் அக மருந்துகளை 32 ஆகப் பிரிக்கும்போது சாறு, சுரசம், குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகியவற்றை முதலில் வைத்து, இவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம் என்று முடித்துவிடுகிறது. சூரணத்துக்கு 3 மாதம் தருகிற மரபு குடிநீருக்கு 3 மணி நேரம்தான் தருகிறது. காலையில் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி மாலைவரை குடிக்கிற இன்றைய வழக்கத்துக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

மூன்றாவது மரபு வெள்ளைக்காரர்களோடு வந்தது. 1868இல் எட்வர்ட் ஜான் வாரிங் தொகுத்த இந்திய மருந்துநூல் நம் நாட்டுச் சரக்குகளை ஐரோப்பிய மருந்துக்கடை முறைக்குள் கொண்டுவந்தது. நிலவேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வைத்தியர்கள் காய்ச்சிச் சுண்டவைக்கும் அந்தச் சரக்கை, அவர்கள் ஆரஞ்சுத் தோலோடும் கொத்தமல்லியோடும் சேர்த்துக் கொதிநீரை ஊற்றி ஊறவைத்து வடித்தார்கள். பசியைத் தூண்டும் கசப்பு டானிக்காகக் கொடுத்ததால் அவர்களுக்குக் கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் வாசனையும் போதும். காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கொடுக்கும் நம் வைத்தியருக்குக் கசப்பு முழுவதும் வேண்டும். ஒரே செடி, ஒரே உறுப்பு, இரண்டு முறை. இலைக்கு இதுதான் முறை என்று ஒற்றை விதி எழுத முடியாததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆவாரைக்கே திரும்புவோம். பூவிதழ் மெல்லியது, கொதிநீர் பட்டவுடன் அதன் செல்சுவர் தளர்ந்து, நிறமும் சுவையும் சில நிமிடங்களில் நீருக்கு வந்துவிடுகின்றன. ஒரு குவளை கொதிநீருக்கு ஒரு சிட்டிகையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்த பூ, மூடி போட்டு ஐந்திலிருந்து பத்து நிமிடம், அவ்வளவுதான். நீர் தெளிந்த மஞ்சளாக இருக்கும். அதையே அடுப்பில் வைத்துக் கால்மணி கொதிக்கவிட்டால் மஞ்சள் பழுப்பாகும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு ஏறும். பூவோடு ஒட்டிவந்த காம்பும் புல்லிவட்டமும் துவர்ப்பைக் கொட்ட ஆரம்பித்துவிட்டன என்று பொருள். கொதிநீர் ஊறல் என்பது சட்டென்று வருவதை மட்டும் வாங்கிக்கொண்டு, மெதுவாக வருவதை வாசலிலேயே நிறுத்திவிடும் முறை. தேயிலையை அதிக நேரம் ஊறவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டையில் நமக்கு வேண்டியதே அந்தத் துவர்ப்பு. ஆவாரம்பட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்து இருக்கிறது, டானின் என்பார்கள். தென்னிந்தியத் தோல் தொழில் ஒரு காலத்தில் இந்தப் பட்டையின் மேல்தான் நின்றது. பிறகு தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, அதற்குப்பின் குரோமியம் வந்தது. பட்டை ஊறிய தண்ணீரில் பச்சைத்தோல் கிடந்தால் டானின் தோலின் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். அழுகவேண்டியது தோலாக நிலைத்துவிடும். ஆவாரையில் பதப்பட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பதால், கடைசியில் கடுக்காய் நீரில் ஒருமுறை போட்டு எடுப்பது வழக்கம்.

தொழிற்சாலைக்காரர் ஏன் பட்டையைக் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைக்கவில்லை? விறகுச் செலவு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இந்த வகை டானின் நெடுநேரம் கொதித்தால் தன்னோடு தானே பிணைந்து, கரையாத செந்நிறப் பொருளாகி அடியில் படியும். நீரின் நிறம் கருக்கும், பலமோ குறையும். நிறத்தைப் பார்த்துச் சத்து ஏறிவிட்டதென்று நம்புகிறவன் ஏமாந்துபோவான். தோல் தொட்டிக்கு அவசரமும் இல்லை. நாலு நாள் ஊறினாலும் பரவாயில்லை, தெளிந்த, இளம் நிறச் சாறு வேண்டும். மருந்துக்காரனுக்கு அந்த நாலு நாள் கிடையாது. நம் ஊர் வெயிலில் பட்டை நீர் இரண்டாம் நாளே நாறும், நோயாளி அதுவரை காத்திருக்கவும் மாட்டான். அதனால் கொஞ்சம் டானின் பாழானாலும் சரி என்று காய்ச்சுகிறான். அவன் காய்ச்சும் கலவையில் டானின் மட்டுமில்லை, பல சரக்குகளின் பல சத்துகள் இருக்கின்றன. கட்டைகளின் உள்ளேயிருப்பதை வெளியே கொண்டுவர வெப்பத்தைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு தொழிலுக்கும் ஒரு விதி பொது. துவர்ப்புள்ள எதையும் இரும்பில் தொடக்கூடாது. இரும்பு வாணலியில் ஆவாரம்பட்டையையோ கடுக்காயையோ போட்டால் சற்று நேரத்தில் நீர் கருத்துவிடும். பழைய எழுத்து மை செய்த முறையே இதுதான். தோல் பதனிடும் இடத்தில் ஓர் இரும்பு ஆணி விழுந்தாலும் தோலில் கருந்திட்டு விழுந்துவிடும். மண்பானை, எவர்சில்வர், ஈயம் பூசிய பித்தளை, இந்த மூன்றில் ஒன்று போதும்.

காய்ச்சும் முறையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க நிலவேம்புக் குடிநீரே சரி. 2006இல் சிக்குன்குனியாவும் 2012இல் டெங்குவும் பரவியபோது தமிழ்நாட்டில் தெருத்தெருவாக அது அண்டாவில் கொதித்தது. அதன் குணம் பற்றிய விவாதம் வேறொரு கட்டுரைக்கானது. செய்முறைதான் இங்கே பேச்சு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு. இவற்றை மாவாக அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மாவாக்கினால் தண்ணீரில் கூழாகிக் கிழங்கின் மாச்சத்து அடிப்பிடிக்கும், வடிகட்டவும் முடியாது. முழுசாகப் போட்டால் சந்தனக் கட்டைக்குள் தண்ணீர் நுழையாது. கைக்கு ரவையைவிடப் பெரிதாக, சுண்டைக்காயைவிடச் சிறிதாகத் தட்டுப்பட்டால் பதம் சரி. கடையில் குடிநீர்ச் சூரணம் என்று வாங்கும்போது விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது நல்லது; திருநீறுபோல் ஒட்டினால் அது காய்ச்சுவதற்கு இடித்த சரக்கு இல்லை.

கால் பங்கு என்பதை எப்படி அறிவது? பெரும்பாலானோர் கண்ணால் மதிப்பிடுகிறார்கள், மதிப்பீடு பாதியில் நின்றுவிடுகிறது. கீழே குறுகி மேலே விரிந்த பாத்திரமானால் கண் இன்னும் மோசமாக ஏமாறும். எளிய வழி ஒன்று இருக்கிறது. கடைசியில் நிற்கவேண்டிய ஒரு டம்ளர் நீரை முதலில் ஊற்றி, நேராக ஒரு குச்சியை இறக்கி, நனைந்த மட்டத்தில் நகத்தால் கீறிக்கொள்ள வேண்டும். பிறகு இன்னும் மூன்று டம்ளர் ஊற்றிச் சரக்கைப் போட்டு, அரைமணி ஊறவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதித்து இறங்கும்போது கீறலுக்குச் சற்று மேலே நின்றாலே போதும், சரக்கு அடைத்துக்கொண்ட இடம் அது. மூடி வேண்டாம், மூடினால் சுண்டாது.

அந்த மூடி வேண்டாம் என்பதில்தான் இந்த மருந்தின் உட்பிணக்கு இருக்கிறது. நிலவேம்பின் கசப்பான ஆண்ட்ரோகிராபோலைட் குளிர்ந்த நீரில் ஏறக்குறையக் கரையாது; வெப்பமும் நேரமும் அதற்கு வேண்டும். வெட்டிவேரும் விலாமிச்சையும் சந்தனமும் வாசனைச் சரக்குகள். அவற்றின் எண்ணெய் நீராவியோடு கிளம்பிவிடும். காய்ச்சும்போது தெருவே மணக்கிறது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த மணம் மருந்திலிருந்து போனது. ஆனால் வெட்டிவேர், சந்தனத்தின் எண்ணெய்கள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். காய்ச்சியபின்னும் கொஞ்சம் மிஞ்சும். துளசியோ ஓமவல்லியோ இருந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. சீன மருத்துவத்தில் இதற்கு ஒரு தீர்வை எழுதியே வைத்திருக்கிறார்கள். கல், ஓடு போன்ற கடினச் சரக்கு முதலில், மற்றவை பிறகு, புதினாபோன்ற வாசனை இலைகள் இறக்குவதற்குச் சில நிமிடம் முன்னால். நம் ஊரில் ரசத்துக்குக் கொத்தமல்லித்தழையைக் கடைசியில் தூவுகிறவர்கள், ஒன்பது சரக்கையும் ஒரே பொட்டலமாக இடித்து ஒன்றாகக் கொட்டுகிறோம். பொட்டலம் இரண்டாக இருப்பதில் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்; ஆனால் நூல் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாய்ப்பாடு அடியோடு தோற்கும் இடம் நன்னாரி. வேர், அதிலும் உள்ளே கம்பிபோல் கடினமான வேர். விதிப்படி காய்ச்ச வேண்டும். காய்ச்சிப் பாருங்கள்: அடுப்படி மணக்கும், டம்ளரில் பழுப்புத் தண்ணீர் இருக்கும். நன்னாரியின் மணம் வேர்த்தோலில் இருக்கிறது, எளிதில் ஆவியாவது. உள்ளே இருக்கும் கட்டைநரம்பில் சொல்லும்படி ஒன்றுமில்லை; அதனால்தான் சர்பத்துக்காரர்கள் வேரைக் கழுவித் தட்டி, நரம்பை உருவி எறிகிறார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் மருந்துநூலும் நன்னாரிப் பாகுக்கு இதையே வேறு வார்த்தையில் சொன்னது: இடித்த வேரின்மேல் கொதிநீர் ஊற்றி, மூடிய பாத்திரத்தில் 4 மணி நேரம் ஊறவிட்டு, வடித்துத் தெளியவைத்து, பிறகு சர்க்கரையை இளஞ்சூட்டில் கரை. மூடிய பாத்திரம் என்பதையும் இளஞ்சூடு என்பதையும் விட்டுவிட்டால் அந்தச் செய்முறையில் வேறெதுவும் இல்லை. திண்டுக்கல் வெயிலுக்கு வீட்டில் செய்கிறவர்கள் மாலையில் கொதிநீர் ஊற்றி, இறுக்க மூடி, காலையில் வடித்தால் இன்னும் நல்ல மணம் கிடைக்கும். மூடியின் உட்புறம் முத்துமுத்தாக நிற்கும் நீரையும் உள்ளேயே தட்டிவிட வேண்டும். மணத்தில் ஒரு பங்கு அங்கேதான் ஒட்டியிருக்கும்.

குளிர்நீர் ஊறலை எல்லோரும் மூன்றாவதாகச் சொல்லி அவசரமாக முடிப்பார்கள். சூடு தாங்காத சத்துக்கும் மணத்துக்கும் அது உகந்தது, சரி. அதைவிடச் சுவாரசியமான பயன், வேண்டாததை உள்ளேயே பூட்டிவைப்பது. கலம்பா என்ற ஆப்பிரிக்க வேரை ஐரோப்பிய மருந்துக்கடைகள் கசப்பு டானிக்காக விற்றன. அதில் மாச்சத்து அதிகம். கொதிநீர் ஊற்றினால் மாவு வெந்து நீர் கஞ்சியாகும், இரண்டு நாளில் புளிக்கும். அதனால் அவர்களுடைய மருந்துநூல் கலம்பாவுக்குப் பச்சைத்தண்ணீர், அரைமணி என்று விதி எழுதியது. பச்சைத்தண்ணீரில் கசப்பு கரையும், மாவு கரையாது.

கலம்பாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் வேலியில் படரும் சீந்தில். நம் வைத்தியர்கள் அதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த மாவு. பெருவிரல் பருமனுள்ள முற்றிய சீந்தில் தண்டை எடுத்து, காகிதம்போன்ற மேல்தோலைச் சீவி, துண்டாக்கி இடித்து, நாலைந்து மடங்கு பச்சைத்தண்ணீரில் இரவு முழுவதும் போட்டுவைப்பார்கள். காலையில் கையால் நன்றாகப் பிசைந்து, துணியில் வடிகட்டி, கலங்கல் நீரை ஆடாமல் வைத்தால் வெள்ளையாக அடியில் படியும். மேல்நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, மீண்டும் பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவைக்க வேண்டும். நாலைந்து தடவை கழுவியபின் கிடைப்பதை நிழலில் உலர்த்தினால் சீந்தில் சர்க்கரை. பெயர் சர்க்கரை, தித்திப்பு கிடையாது. இடையில் எங்காவது வெந்நீர் பட்டுவிட்டால் மாவு பசையாகிவிடும், அடியில் எதுவும் படியாது. தொட்டுப் பார்த்தால் நூல் நூலாக இழுக்கும். ஆக, ஒரே தண்டில் கசப்பு வேண்டுமென்றால் மேல்நீர், மாவு வேண்டுமென்றால் அடிப்படிவு. இரண்டுக்கும் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

கட்டையையே குளிர்நீரில் போடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வேங்கை மரத்தின் உள்வயிரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் அது செம்பழுப்பாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மின்னும். உள்வயிரத்தைவிடக் கடினமான உறுப்பு மரத்தில் இல்லை. இருந்தும் கொதிக்காமலே நிறம் இறங்குகிறது, கரைகிற பொருள் மேற்பரப்பிலேயே இருப்பதால். நாளாக நாளாக மின்னல் மங்கும், அன்று குவளையின் உட்புறத்தை லேசாகச் சுரண்ட வேண்டும்.

மூன்று முறைகளில் கெட்டுப்போகும் அபாயம் அதிகம் குளிர்நீருக்குத்தான். கஷாயம் கொதியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. கொதிநீர் ஊறலும் ஓரளவு. குளிர்நீர் ஊறலில் இலைமேல் இருந்த தூசியும் கிருமியும் அப்படியே குளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் நம் சமவெளியில் இரவுகூட ஆறாது. பத்து மணி நேரத்தில் ஊறல் புளித்துவிடலாம். மேலே சிறு குமிழ்கள், ஓரத்தில் மெல்லிய ஏடு, நுனிநாக்கில் காரப்புளிப்பு, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும். கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துவதும், பானையை ஈரத்துணி சுற்றி மணலில் வைப்பதும், எட்டு மணி நேரத்துக்கு மேல் விடாமலிருப்பதும் பாதி ஆபத்தைக் குறைக்கும்.

கடைசியாக, நம் ஊர்த் தண்ணீர். திண்டுக்கல்லின் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தக் கடின நீரில் துவர்ப்புச் சரக்கை ஊறவைத்தால் டானின் சுண்ணாம்பு உப்போடு சேர்ந்து மேலே பழுப்பு ஏடாகப் படரும், நீரும் கலங்கும். ஆவாரம்பூத் தேநீரில் அந்த ஏட்டைப் பார்த்துவிட்டுப் பூவில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மேல்நீரை மெதுவாக வேறு பாத்திரத்துக்குச் சாய்த்து, மறுபடி கொதிக்கவைத்துப் பூவின்மேல் ஊற்றினால் ஏடு பெரும்பாலும் வராது. ஆத்தூர் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் இந்த வேலையே மிச்சம்.